‘நல்ல கருத்து’ என்று எழுதினால் எத்தனை புள்ளி?

குச்சவெளியான் · மே 3, இரவு 9.40

ஆசிரியர்களுக்கான இணையவழிச் சான்றிதழ்ப் பாடநெறி ஒன்றில், சுற்றாடல் பாடத்தின் கலந்துரையாடல் பதிவுகளைத் திருத்தும் வேலை எனக்கு வந்திருக்கிறது. புள்ளித்திட்டத்தில் மூன்று நிரை. கேள்விக்குப் பொருத்தம், ஆதாரம், சக மாணவரின் கருத்தோடு ஈடுபாடு. ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 12.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் திருத்தவே முடியாது என்பது என் கட்சி. இரண்டு பேருக்குப் பதில் எழுதினால் 4, ஒருவருக்கு எழுதினால் 2, ஒருவருக்கும் எழுதாவிட்டால் 0 என்று எண்ணிப் போட்டுவிடலாம். யாரும் சண்டைக்கு வர முடியாது. ‘உண்மையான ஈடுபாடு’ என்று தேடப் போனால், திருத்துகிறவரின் அன்றைய மனநிலைதான் புள்ளியாக வந்து விழும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

உப்புவெளி · மே 3, இரவு 10.25

மறுப்பு இருக்கிறது தம்பி. எண்ணினால் என்ன நடக்கும் என்றால், இரண்டாவது வாரத்திலேயே வகுப்பு முழுக்க ‘நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன்’ என்று இரண்டிரண்டு தரம் எழுதி வைத்துவிடும். அவர்கள் மேல் பிழை இல்லை. எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் எண்ணிக்கைதான் வரும்.

ஈடுபாட்டைத் திருத்தலாம். நான் பார்க்கிற முறை இது: பதில் எழுதியவர் யாருக்கு எழுதினாரோ, அந்த மூலப் பதிவு இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு பதிலை வாசிப்பேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் பதில் அப்படியே நின்றால், அங்கே ஈடுபாடு இல்லை. மேலே பெயர் இருந்தாலும் ‘அன்பின் சகோதரி’ இருந்தாலும் அவர் தன் பாட்டுக்குத்தான் எழுதியிருக்கிறார். மூலப் பதிவை எடுத்ததும் பதில் அர்த்தமில்லாமல் போனால், அதற்குள் அந்தப் பதிவின் ஏதோ ஒரு துண்டு உயிரோடு இருக்கிறது. எந்தத் துண்டு, அதை வைத்து என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால் புள்ளி வந்துவிடும்.

உங்கள் கேள்வி என்ன? பதிவுகளில் நாலைந்தைப் பெயரில்லாமல் போடுங்கள். வெறுமனே பேசினால் இது முடியாது.

குச்சவெளியான் · மே 4, மாலை 6.15

கேள்வி: ‘புறாமலைத் தேசியப் பூங்காவில் முருகைக்கல் சேதத்தைக் குறைக்க ஒரேயொரு கட்டுப்பாட்டைத்தான் கொண்டுவரலாம் என்றால் எதைக் கொண்டுவருவீர்கள்? காரணமும் ஆதாரமும் தருக. சக மாணவர் ஒருவரின் வாதத்துக்காவது பதில் எழுதுக.’

பெயர்களை எடுத்துவிட்டேன், சொற்களையும் சுருக்கி மாற்றியிருக்கிறேன்.

அ: புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் உள்ளது. 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. மாடப்புறாக்களால் அந்தப் பெயர் வந்தது. (இப்படியே ஒரு பக்கம்.) எனவே இவ்வளத்தை நாம் அனைவரும் பாதுகாக்க வேண்டும்.

ஆ: ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று மட்டுப்படுத்த வேண்டும். மாமா நிலாவெளியில் படகு ஓட்டுகிறார். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நானும் போனேன். சனம் கூடிய நேரத்தில், மிதப்பு அங்கி போட்டவர்கள் ஆழமில்லாத பக்கத்தில் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் கத்திக் கத்திக் களைத்துப்போனார்.

இ: ஆ அவர்களின் கருத்து மிகச் சிறப்பானது, முழுமையாக உடன்படுகிறேன். 1998இல் கடல் சூடாகி இலங்கையின் முருகைக்கற்கள் வெளிறி இறந்தன. (கட்டுரை ஒன்றின் இணைப்பு.) ஆகவே வருவோரைக் கட்டுப்படுத்துவது அவசியம்.

ஈ: ஆ சொல்வதுபோல் ஏறி நிற்பதுதான் சேதம் என்றால், பிரச்சினை ஆட்களின் தொகையா, நிற்கிற இடமா? பாதிப் பேர் வந்தாலும் அதே ஆழமில்லாத பக்கத்துக்குத்தானே போவார்கள்? நான் அந்தப் பகுதியை மட்டும் மிதவைக் கயிறு போட்டு மூடுவேன். நீந்தத் தெரியாததால் நிற்கிறார்களா, களைத்துப்போய் நிற்கிறார்களா என்று உங்கள் மாமாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

நான் எண்ணிப் போட்ட புள்ளியில் இயும் ஈயும் ஈடுபாட்டில் சமம். அ மொத்தத்தில் ஈயைவிடக் கூட, ஏனென்றால் நீளமாகவும் பிழையில்லாமலும் இருந்தது, கூடவே இரண்டு பேருக்கு ‘நன்றி’ எழுதியிருந்தார்.

கணக்கு மாஸ்டர் · மே 4, இரவு 8.02

ஆதாரம் என்றால் அச்சில் வந்தது, இணைப்போடு தரப்பட்டது. மாமா சொன்னார், நான் கண்டேன் என்பதெல்லாம் ஆதாரமாகாது. ஆவுக்கும் ஈக்கும் ஆதாரத்தில் 0. இக்கு 4. மூன்றாம் நிரையில் தம்பியின் கணக்கு எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மூதூர் வாசகர் · மே 4, இரவு 8.50

எல்லோரும் கேள்வியை விட்டுவிட்டுப் புள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். பதில் சுகமானது. வற்று நேரத்தில் தீவைப் பூட்டினால் போதும். தண்ணீர் வற்றும்போதுதான் கல்லில் கால் படும். பெருக்கில் எத்தனை பேர் போனாலும் ஒன்றும் ஆகாது.

உப்புவெளி · மே 4, இரவு 10.40

மூதூர் அண்ணா, இழை திருத்துவதைப் பற்றியது. ஆனாலும் நீங்கள் எழுதியது நல்ல உதாரணம், அதனால் அதையும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டது ஒரேயொரு கட்டுப்பாடு. நீங்கள் ஒன்றைச் சொல்லி, எதனால் என்றும் சொல்லிவிட்டீர்கள். பொருத்தத்தில் 4. ஆதாரத்தில்தான் இடிக்கிறது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆழமில்லாத பக்கத்தில் பெருக்கிலும் நிற்கலாம். காரணம் கேட்க நன்றாக இருக்கிறது, இந்தக் கடலுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இப்போது நாலு பதிவுகள்.

அ: எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் கேட்டது எந்தக் கட்டுப்பாடு என்று. ‘அனைவரும் பாதுகாக்க வேண்டும்’ என்பது கட்டுப்பாடே இல்லை. பொருத்தம் 1. ஆதாரத்துக்கு என்ன போடுவது? ஆதாரம் என்றால் ஒரு கூற்றைத் தாங்க வேண்டும். இங்கே தாங்குவதற்குக் கூற்று இல்லை. 1963, 2003 இரண்டும் சரியான ஆண்டுகள், ஆனால் ஒன்றையும் நிறுவவில்லை. ஆதாரம் 0. ‘நன்றி’ இரண்டும் ஈடுபாட்டில் 0. மொத்தம் 1. கடுமையாகத் தெரியும். ஆனால் இப்படியான பதிவுக்கு 8 போட்டால், அடுத்த வாரம் வகுப்பே கலைக்களஞ்சியம் எழுதும்.

ஆ: பொருத்தம் 4. ஆதாரத்தைப் பற்றி மாஸ்டரோடு பேச வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன். நான் 3 போடுவேன். ஈடுபாடு இன்னும் 0, ஏனென்றால் இது முதல் பதிவு.

இ: கட்டுப்பாடு ஒன்றுக்குச் சம்மதம் சொல்வதால் பொருத்தம் 2. இணைப்பைத் திறந்து பார்த்தீர்களா? 1998இல் ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறியது உண்மை. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. சரி, இங்கேயும் வெளிறியது என்றே வைத்துக்கொள்வோம். கடல் சூடாவதை, வருவோரைக் குறைத்து எப்படித் தடுப்பது? ஆதாரம் வேறு கடலுக்கு, வேறு நோய்க்கு. 1. ஈடுபாடு: ஆவின் பதிவை எடுத்துவிட்டு வாசியுங்கள். ‘1998இல்’ என்று தொடங்கி அப்படியே நிற்கும். ஆ சொன்ன ஏறி நிற்கிற விஷயம் ஒரு சொல்லிலும் இல்லை. பெயரைச் சொன்னதற்காக 1. மொத்தம் 4.

ஈ: பொருத்தம் 4. ஆவின் பதிவு இல்லாவிட்டால் இதன் முதல் வரியே புரியாது. ஆ கண்டதை ஏற்றுக்கொள்கிறார், ஆவின் முடிவை ஏற்கவில்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்டுகிறார், அதிலிருந்து வேறு கட்டுப்பாடு ஒன்றுக்குப் போகிறார், பிறகு ஆவால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் வைக்கிறார். ஈடுபாடு 4. ஆதாரம் 2. தனக்கென்று அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை, ஆனால் ஆவின் ஆதாரத்தை ஆவைவிடக் கவனமாகப் பயன்படுத்தியிருக்கிறார். மொத்தம் 10.

எண்ணிப் போட்டதில் இயும் ஈயும் ஈடுபாட்டில் சமம் என்றீர்கள், அயை ஈக்கு மேலே வைத்தீர்கள். இப்போது 1, 4, 10.

கணக்கு மாஸ்டர் · மே 5, காலை 6.30

ஆவுக்கு எப்படி 3? ஒரு மாணவர் விடுமுறையில் ஒரு நாள் கண்டதை வைத்துத் தேசியப் பூங்காவுக்கு விதி போடுவதா?

உப்புவெளி · மே 5, மதியம் 1.10

அதில் பாதி உங்களோடு சேருகிறேன் மாஸ்டர். ஒரு நாள் கண்டதை வைத்துச் ‘சேதம் ஆண்டுக்காண்டு கூடுகிறது’ என்று ஆ எழுதியிருந்தால் 1தான் போட்டிருப்பேன். அவர் அப்படி எழுதவில்லை. ‘சனம் கூடும்போது ஏறி நிற்கிறார்கள்’ என்றார். அதற்குக் கண்டவரின் வாய்மொழி போதும், அதுவும் எங்கே, எப்போது, யார் நின்றார்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் போய்ச் சரிபார்க்கலாம். 4 போடாததற்குக் காரணம், சனம் குறைந்த நாளில் என்ன நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சனம் கூடும்போது நிற்கிறார்கள் என்பதிலிருந்து சனத்தைக் குறைத்தால் நிற்கமாட்டார்கள் என்பதற்குத் தாவிவிட்டார். ஈ பிடித்ததும் அந்தத் தாவலைத்தான்.

இணைப்பு இருந்தால் 4 என்றால், திருத்துகிறவர் இணைப்பைத் திறக்கவே தேவையில்லை என்றாகிவிடும். நான் திறப்பேன். எல்லாவற்றையும் வாசிக்க நேரம் இராது. தலைப்பும் இடமும் ஆண்டும் போதும், பத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

கணக்கு மாஸ்டர் · மே 5, மதியம் 1.45

கேள்வித்தாளில் ‘ஆதாரம் தருக’ என்று மட்டும் இருந்தால் மாணவர் எதைத் தருவார்? கண்டதும் செல்லும் என்றால் அதைக் கேள்வியிலேயே எழுத வேண்டும். எழுதாமல் திருத்தும்போது ஏற்றுக்கொள்வது மற்றவர்களுக்கு அநியாயம்.

உப்புவெளி · மே 5, மதியம் 2.05

அது சரியான பேச்சு. எழுத வேண்டும்.

தம்பலகாமம் டீச்சர் · மே 5, இரவு 9.55

நான் திருத்துகிற பக்கம் இல்லை, எழுதுகிற பக்கம். இப்படியொரு பாடநெறியில்தான் படித்தேன், எதென்று சொல்லவில்லை. என் வீட்டில் சமிக்ஞை கிடைப்பது பின்னேரம் வாசலில் நின்றால்தான். டேட்டா இருக்கிற நாளில் முதல் ஆளாகப் போட்டுவிடுவேன், எனக்கு முன்னால் ஒருவரும் இராது. ஈடுபாடு 0 என்று வந்தது. சரி என்று அடுத்த தடவை கடைசியில் போட்டேன். அதற்குள் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள். நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னதாகக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

இன்னொன்று. என் வகுப்பில் எங்கள் வலயத்து அதிபர் ஒருவரும் இருந்தார். அவர் எழுதியதில் எனக்குச் சம்மதம் இல்லை. எப்படி எழுதுவது? நாளைக்கு அவர் பாடசாலைக்கே இடமாற்றம் வரலாம். ‘சேரின் கருத்து ஆழமானது’ என்று எழுதிவிட்டுப் போனேன். மிஸ் சொல்கிறபடி பார்த்தால் எனக்கு 1.

உப்புவெளி · மே 5, இரவு 11.20

டீச்சர் சொன்ன முதல் விஷயம் புள்ளித்திட்டத்தின் குறை இல்லை, நேர ஒழுங்கின் குறை. ஒரே இறுதித் திகதியை வைத்துவிட்டு இரண்டு வேலையைக் கேட்டால், முதலில் வருகிறவரும் கடைசியில் வருகிறவரும் தண்டிக்கப்படுவார்கள். இரண்டு திகதி வேண்டும். சொந்தப் பதிவுக்குப் புதன், பதில்களுக்கு ஞாயிறு என்று வைக்கலாம். ஈடுபாட்டு நிரையை ஞாயிறுக்குப் பிறகுதான் தொட வேண்டும், அதுவும் அந்த மாணவரின் பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து.

மூடில் (Moodle) கற்றல் தளத்தைப் பாவிக்கிறீர்கள் என்றால் தம்பி, விவாதத்தை Q and A forum வகையில் திறக்கலாம். சொந்தப் பதிவைப் போட்ட பிறகுதான் மற்றவர்களுடையது தெரியும். இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்து எழுதுகிற பிரச்சினை போய்விடும். ஆனால் ஒன்றை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். போட்டவுடனே திறக்காது. பதிவைத் திருத்துவதற்குக் கொடுத்திருக்கிற நேரம், வழக்கமாக 30 நிமிடம், கழிய வேண்டும். சொல்லாவிட்டால் ‘போட்டும் தெரியவில்லை’ என்று இரவு முழுக்கச் செய்தி வரும். வாசலில் நின்று போடுகிற டீச்சருக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிது. அவர் அடுத்த நாள் பின்னேரம்தான் மற்றவர்களை வாசிப்பார். புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவே நாட்கள் விட வேண்டியது அதனால்தான்.

அதிபர் விஷயத்தை நாளைக்கு எழுதுகிறேன். அது சுலபமில்லை.

குச்சவெளியான் · மே 6, காலை 7.20

அக்கா, நாங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே மதிப்பீடு கொடுக்கிறோம், மூடில் Average of ratings எடுத்துப் புள்ளிப் பதிவேட்டில் போடுகிறது. நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து என்றீர்கள். என்ன வித்தியாசம்?

உப்புவெளி · மே 6, காலை 10.05

பெரிய வித்தியாசம். ஈ தன் பதிலுக்கு 10 எடுத்தார் என்று வையுங்கள். பிறகு இரண்டு பேருக்கு ‘விளங்கியது, நன்றி’ என்று மரியாதைக்கு எழுதுகிறார், ஒவ்வொன்றுக்கும் 1 போடுகிறீர்கள். சராசரி 4. நன்றி சொன்னதால் 6 புள்ளியை இழந்தார். ஒரு பதிவோடு வாயை மூடிக்கொண்டவருக்கு 10 நிற்கும். அடுத்த வாரம் யார் பேசுவார்?

Sum of ratings போட்டால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். நாலு புள்ளிப் பதிவு மூன்று போட்டவர் 12ஐத் தொட்டுவிடுவார். Maximum rating கொஞ்சம் பரவாயில்லை, சிறந்த பதிவு நிற்கும். ஆனால் ஆதாரம் ஒரு பதிவிலும் ஈடுபாடு இன்னொன்றிலும் இருந்தால் ஒன்று தொலைந்துவிடும்.

3.8ஆம் பதிப்பிலிருந்து Whole forum grading வந்துவிட்டது. அதில் ஒரு மாணவரின் பதிவுகளை ஒரே இடத்தில் பார்த்து, மூன்று நிரையையும் அந்தத் திரையிலேயே புள்ளியிடலாம். கவனிக்க வேண்டியது, அங்கே மாணவரின் பதில்தான் முன்னால் நிற்கும். எதற்குப் பதில் என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காமல் ஈடுபாட்டுக்குப் புள்ளி போட்டால், பதில் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் திருத்துகிறோம். மற்றவர் சொல்லாததை ‘நீங்கள் சொன்னீர்கள்’ என்று எழுதி, அதை அழகாக மறுத்திருப்பார். தனியே வாசித்தால் 4 போலிருக்கும். மூலப் பதிவைத் திறந்தால் 1.

உப்புவெளி · மே 6, இரவு 9.30

அதிபர். டீச்சர் கேட்டதை நாள் முழுக்க யோசித்தேன். சம்மதம் இல்லாததை வெளிப்படையாகச் சொல்வதுதான் ஈடுபாடு என்று வைத்தால், நம் ஊரில் வயதும் பதவியும் உள்ளவரோடு ஒரே வகுப்பில் படிக்கிற இளையவருக்கு அந்த நிரை எப்போதும் குறைவாகவே வரும். அவர் யோசிக்கவில்லை என்று அர்த்தமில்லை. எழுத முடியவில்லை.

அதனால் மறுப்பை நான் மேல் படியாக வைப்பதில்லை. ஈயின் கடைசி வரியைப் பாருங்கள். மாமாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்கிறார். அதிபருக்கும் அப்படி ஒரு கேள்வி எழுதலாம். ‘சேர் சொன்ன ஒழுங்கு வழிகாட்டி கூட இருக்கிற குழுவுக்குப் பொருந்துகிறது, தனிப் படகு பிடித்து வருகிறவர்களுக்கு எப்படிச் செய்யலாம்?’ மரியாதை குறையவில்லை, வாதத்தின் ஓட்டையும் வெளியே வந்துவிட்டது. 3 தாராளமாகப் போடலாம்.

சம்மதமும் ஈடுபாடாகலாம். நான் திருத்திய ஒரு பதிவில் ஓர் ஆசிரியை, தொகையை மட்டுப்படுத்த வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, தன் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எந்தக் கட்டத்தில் கண்காணிப்பு கைவிட்டுப் போனது என்று எழுதினார். முழுச் சம்மதம். ஆனால் மற்றவரின் கூற்று அதற்குப் பிறகு முன்பைவிட உறுதியாக நின்றது. 4 போட்டேன்.

கணக்கு மாஸ்டர் · மே 6, இரவு 10.10

அப்படியானால் 0 முதல் 4 வரை என்னென்ன என்று எழுதித் தாருங்கள். ‘யோசித்துப் போடுவேன்’ என்றால் மீளாய்வுக்கு விண்ணப்பம் வந்தவுடன் என்ன காட்டுவீர்கள்?

உப்புவெளி · மே 6, இரவு 11.00

யாரையும் தொடாவிட்டால் 0. பெயரும் பாராட்டும் மட்டும் என்றால் 1. மற்றவரின் கருத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதைத் தொடாமல் தன் வழியில் போனால் 2. குறிப்பிட்ட ஒரு கூற்றை எடுத்து அதோடு ஏதாவது செய்தால் 3. அது கேள்வியாகலாம், வரம்பாகலாம், புதிய ஆதாரமாகலாம். செய்ததன் விளைவாகத் தன்னுடைய நிலைப்பாடோ மற்றவருடையதோ எங்கே நகர்ந்தது, எங்கே உறுதிப்பட்டது என்பது பதிவிலேயே தெரிந்தால் 4.

இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. 1997இல் குணவர்தனவும் லோவும் அண்டர்சனும் இணையவழி விவாதம் ஒன்றைப் பகுத்து ஐந்து கட்டங்கள் வைத்தார்கள். முதல் கட்டத்தில் கருத்தைப் பகிர்ந்து ஒப்பிடுவார்கள், இரண்டாவதில் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பார்கள், அதற்கு மேல் சேர்ந்து பொருளை உருவாக்கி, சோதித்து, உடன்பாட்டுக்கு வருவார்கள். அது ஆய்வுக்காகச் செய்தது. ஒரு வாரப் பதிவுக்கு ஐந்து கட்டமும் கேட்பது அநியாயம். இரண்டாவது கட்டத்தைத் தாண்டினாரா என்றுதான் என் 3 கேட்கிறது.

குச்சவெளியான் · மே 8, இரவு 8.45

கூடத் திருத்துகிற அக்காவும் நானும் ஐந்து பதிவுகளை இந்த முறையில், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்தினோம். நாலு பதிவுகளின் மொத்தப் புள்ளியில் ஒன்று, இரண்டுதான் வித்தியாசம். ஈக்கு மட்டும் நான் 10, அவர் 6. நிரை நிரையாகப் பார்த்தால் பொருத்தத்தில் நான் 4, அவர் 3. ஆதாரத்தில் 2, 0. ஈடுபாட்டில் 4, 3.

அவர் சொன்ன காரணம் மூன்றிலும் ஒன்றுதான். பதிவு குட்டையாக இருக்கிறது, ‘கல்விசார்’ எழுத்தாக இல்லை.

உப்புவெளி · மே 8, இரவு 9.30

மொத்தத்தைப் பார்த்தால் ‘இருவருக்கும் ரசனை வேறு’ என்று விட்டுவிடுவீர்கள். நிரை நிரையாகப் பார்த்ததால், ஒரே எண்ணம் மூன்று நிரையிலும் கசிந்திருப்பது தெரிகிறது. நீளத்துக்கும் நடைக்கும் திட்டத்தில் இடமே இல்லை, ஆனால் மூன்று இடத்திலும் புள்ளி குறைந்திருக்கிறது.

இதற்கு நான் கண்ட வழி, மாணவர் மாணவராகத் திருத்தாமல் நிரை நிரையாகத் திருத்துவது. முதலில் வகுப்பு முழுவதற்கும் பொருத்தம், பிறகு திரும்ப முதலிலிருந்து ஆதாரம், கடைசியில் ஈடுபாடு. ஒரே கேள்வியை மனதில் வைத்து முப்பது பதிவு வாசித்தால், பதினைந்தாவதில் நடை கண்ணில் படுவது நின்றுவிடும். நேரம் கூடத்தான் எடுக்கும். எல்லா வாரமும் முடியாது. முதல் இரண்டு வாரமாவது செய்யுங்கள். ஒரு நிரையில் ஒன்று வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். இரண்டு வந்தால் இருவரும் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஈயின் ஆதாரம் அப்படிப் பேச வேண்டிய ஒன்று. அவர் 0 போட்டதற்கும் நியாயம் இருக்கலாம். தானாக ஒன்றும் கொண்டுவராதவருக்கு ஆதாரத்தில் 2 கொடுப்பது கூட என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கொடுப்பேன்.

தம்பலகாமம் டீச்சர் · மே 9, மாலை 5.50

தமிழில் எழுதியவருக்கும் ஆங்கிலத்தில் எழுதியவருக்கும் இதே புள்ளித்திட்டம்தானா? எங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதினால் தானாகவே கூட விழும்.

உப்புவெளி · மே 9, இரவு 8.15

இதே திட்டம்தான் டீச்சர். மூன்று நிரையில் எதிலும் மொழி இல்லை. ஆங்கிலப் பதிவு ஒன்றை ஒரே வரித் தமிழில் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். அரைப் பக்கம் ‘சுற்றுலாவும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்’ என்று ஒரு வரிக்குள் அடங்கிவிட்டால் அதுதான் அதன் பெறுமதி.

மூதூர் வாசகர் · மே 9, இரவு 9.05

வற்றுப் பெருக்கு விஷயத்தில் மச்சானிடம் கேட்டேன், அவர் வள்ளம் வைத்திருக்கிறார். மட்டம் பெரிதாக மாறாது என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால் காற்று எழும்பினால் ஆட்கள் அலைக்கு ஒதுங்கி ஆழமில்லாத பக்கத்துக்கு வந்துவிடுவார்களாம். அப்படியென்றால் பூட்டுவது வற்றுக்கு இல்லை, காற்றுக்கு.

உப்புவெளி · மே 9, இரவு 9.20

அண்ணா, ஈடுபாடு 4.

குச்சவெளியான் · மே 11, காலை 7.40

புதுச் சிக்கல். ஈ கேட்ட கேள்விக்கு ஆ பதில் போட்டிருக்கிறார். மாமாவிடம் கேட்டாராம். நீந்தத் தெரியாதவர்கள் அங்கி போட்டும் பயத்தில் கால் ஊன்ற இடம் தேடுகிறார்கள், அதனால் தொகையைக் குறைத்தாலும் நிற்பார்கள், கயிறு போடுவதோடு பிடித்து ஓய்வெடுக்க மிதவை ஒன்றும் வேண்டும், தன் முதல் பதிவிலிருந்து மாறுகிறேன் என்று எழுதியிருக்கிறார். உப்புவெளி அக்காவின் திட்டப்படி 4. ஆனால் அது போன திங்கள் காலை வந்திருக்கிறது, நான் இப்போதுதான் கண்டேன். பதில்களுக்கான நேரம் அதற்கு முந்திய ஞாயிறு இரவோடு முடிந்துவிட்டது.

கணக்கு மாஸ்டர் · மே 11, காலை 8.15

நேரம் நேரம்தான். 0. இவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும்.

உப்புவெளி · மே 11, மதியம் 12.40

ஈ தன் கேள்வியை எப்போது போட்டார்? ஞாயிறு மாலை என்றால் ஆவுக்குப் பதில் சொல்ல நேரமே இருக்கவில்லை. மாமா கடலுக்குப் போயிருந்தால் இரவுதான் வருவார்.

குச்சவெளியான் · மே 11, மதியம் 1.05

அதே ஞாயிறு மாலை 4.30.

உப்புவெளி · மே 11, மதியம் 1.30

அப்படியென்றால் நான் சேர்த்துக்கொள்வேன். இறுதி நாளில் கேட்கப்பட்ட கேள்விக்கு அடுத்த 24 மணித்தியாலத்துக்குள் வந்த பதில் செல்லும் என்று ஒரு வரி விதி எழுதி, வகுப்பு முழுவதற்கும் பொதுவாக வையுங்கள். மாஸ்டர் சொல்கிற ‘எல்லோருக்கும்’ அதில் அடங்கும்.

கணக்கு மாஸ்டர் · மே 11, மதியம் 2.20

விதி அடுத்த வாரத்துக்குச் சரி. முடிந்த வாரத்துக்குப் பின்தேதியிட்டு விதி போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆ எழுதியது நல்ல பதில் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

குச்சவெளியான் · மே 11, இரவு 9.10

இணைப்பாளருக்கு இரண்டு வாதத்தையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அவர் முடிவு சொல்லும் வரை ஆவின் ஈடுபாட்டு நிரையை வெறுமையாக விட்டிருக்கிறேன், மற்ற இரண்டும் போட்டாயிற்று. அடுத்த வாரக் கேள்வியில் ‘நீங்களே கண்டதையும் ஆதாரமாகத் தரலாம், எங்கே எப்போது என்று எழுதுக’ என்று சேர்த்துவிட்டேன். சொந்தப் பதிவுக்குப் புதன் இரவு, பதிலுக்கு ஞாயிறு இரவு, ஞாயிறு வந்த கேள்விக்குப் பதில் என்றால் திங்கள் இரவு.